நினைச்சது ஒண்ணு, நடந்தது ஒண்ணு: முதல் சாம்பார் ஸ்கிட்டை ஷாட் ஷாட்டாக எடுக்க முழுமையான வழிகாட்டி

முதல்முறை சமைப்பவரை வைத்து எடுக்கும் ஸ்கிட்களில் பல ஒரே இடத்தில் சறுக்குகின்றன. "நினைச்சது" பகுதியில் அழகான சமையல் காட்சி வருகிறது. "நடந்தது" பகுதியில் புகை, கூச்சல், கரிந்த பாத்திரம் எல்லாம் மொத்தமாக வருகின்றன. எந்த ஷாட்டுக்கு எது பதில் என்றே தெரிவதில்லை. பார்ப்பவர் இரண்டையும் மனதில் பொருத்திப் பார்த்தால்தான் சிரிப்பு வரும். பொருத்த வேண்டிய வேலை அதிகமானால் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடுவார்.

அதனால் ஒரே விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு நினைச்சது ஷாட்டும் அதற்குப் பதிலான நடந்தது ஷாட்டும் சேர்ந்தது ஒரு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் கேமரா நிற்கும் இடம், பாத்திரம் இருக்கும் இடம், கை செய்யும் வேலை மூன்றும் அப்படியே இருக்க வேண்டும். மாறுவது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை ஒரே சொல்லில் உங்களால் எழுத முடிய வேண்டும். எழுத வரவில்லையென்றால் அந்த ஜோடி இன்னும் தயாராகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது சாம்பார். தோசையும் சப்பாத்தியும் வட்டமா இல்லையா என்ற ஒரே நகைச்சுவையோடு நின்றுவிடும். சாம்பாரில் புளி ஊறுவது, வெங்காயம் உரிப்பது, குக்கர், தாளிப்பு, உப்பு பார்ப்பது, பரிமாறுவது என்று ஒவ்வொரு கட்டத்திலும் வேறு வேறு விதமாகத் தப்பு நடக்கும். ஆள், வேலைக்குச் சேர்ந்து முதல்முறை தனி வீடு எடுத்திருக்கும் ஒரு இளைஞன். அவன் முட்டாள் இல்லை, ஆசையாகச் சமைக்க வந்தவன். அவனுக்குத் தெரியாதது அடுப்படி மட்டும்தான்.

எழுதும்போது

ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் நினைச்சது, வலப்பக்கம் நடந்தது, ஓரத்தில் மாறும் அந்த ஒரு சொல். நம் சாம்பாருக்கு ஆறு ஜோடிகள் போதும். ஓரத்தில் வரும் சொற்கள் இப்படி: அளவு, நேரம், சுத்தம், தூரம், பாத்திரம், ஓட்டம். ஆறும் வேறு வேறாக இருப்பதைக் கவனியுங்கள். "கரிஞ்சு போச்சு" என்பதே மூன்று ஜோடிகளில் வந்தால் இரண்டாவதிலேயே பார்ப்பவர் முன்கூட்டிச் சொல்லிவிடுவார்.

முதல் ஜோடியான அளவைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், மற்றவையும் இதே முறைதான். நம் வீடுகளில் சமையல் குறிப்பு என்றால் கைப்பிடி, சிட்டிகை, கண்ணளவு. அச்சிட்ட குறிப்பிலும் "உப்பு தேவையான அளவு" என்றுதான் இருக்கும். தெரிந்தவருக்கு அது போதும், புதியவருக்கு அது விடுகதை.

நினைச்சது: மேலிருந்து பார்க்கும் ஷாட். மேடையில் ஒரு கிண்ணம், பக்கத்தில் ஸ்பீக்கரில் போன். அம்மா குரல்: "எலுமிச்சம்பழ அளவு புளி எடுத்து ஊற வைடா." கை வருகிறது, சின்ன உருண்டைப் புளியைக் கிண்ணத்தில் வைக்கிறது, வெதுவெதுப்பான தண்ணீர் விழுகிறது.

நடந்தது: அதே மேல் ஷாட், அதே கிண்ணம், அதே வாக்கியம். கை வருகிறது. முதலில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைக்கிறது. பக்கத்தில் புளியை வைத்து ஒப்பிடுகிறது. கொஞ்சம் பிய்த்துச் சேர்க்கிறது, மறுபடி ஒப்பிடுகிறது. பழம் சந்தையிலேயே பெரியதாகப் பார்த்து வாங்கியது. கடைசியில் கிண்ணத்தில் உட்கார்ந்திருப்பது டென்னிஸ் பந்து அளவுப் புளி. "அளவு சரியாம்மா?" என்று கேட்கிறான். அம்மா: "கண்ணால பார்த்தா தெரியாதாடா?"

இந்த ஜோடி எடுபடுவதற்குக் காரணம், அவன் சொன்னதைச் சரியாகக் கேட்டுத்தான் தப்பு செய்கிறான். நடந்தது பக்கத்தில் எழுதும் ஒவ்வொரு தப்புக்கும் இப்படி ஒரு நியாயமான காரணம் இருக்கட்டும். காரணமில்லாமல் பாத்திரத்தைக் கீழே போட்டால் சத்தம்தான் மிஞ்சும்.

கேமராவை நிறுத்துவது

ட்ரைபாடில் போனை வைத்து நிமிர்த்தி 9:16 அளவில் எடுங்கள். கேமராவில் கட்டக் கோடுகளை ஆன் செய்து, பாத்திரத்தின் விளிம்பு எந்தக் கோட்டில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாத்திரம் உட்காரும் இடத்தையும், ட்ரைபாடின் மூன்று கால் நிற்கும் இடத்தையும் டேப் ஒட்டிக் குறித்துவிடுங்கள். ஷாட்டுக்குள் டேப் தெரிந்தால் பாத்திரத்துக்கு அடியில் மறைகிற மாதிரி சின்னதாக ஒட்டலாம்.

அப்புறம் ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டுங்கள். ஐபோனில் திரையை அழுத்திப் பிடித்தால் AE/AF LOCK என்று வரும். மற்ற போன்களிலும் பெரும்பாலும் அழுத்திப் பிடித்தால் பூட்டு அடையாளம் தெரியும். இதைச் செய்யாவிட்டால், கை உள்ளே வரும்போது படம் ஒருமுறை இருண்டு ஒருமுறை வெளுக்கும். மஞ்சள் நிறச் சாம்பார் ஷாட்டை நிரப்பும்போது நிறமும் தானாக மாறும். போனில் ப்ரோ மோடு இருந்தால் ஒயிட் பேலன்ஸையும் கைமுறையில் நிறுத்திவிடுங்கள்.

எடுக்கும் வரிசையில் பலர் குழம்புவார்கள். நினைச்சது ஆறையும் முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் நடந்தது ஆறையும் எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ட்ரைபாடை நகர்த்திவிட்டால் அதே கோணம் திரும்பக் கிடைப்பது கஷ்டம். ஒரு ஜோடியை முழுக்க முடித்துவிட்டு அடுத்த ஜோடிக்குப் போங்கள். கதை வரிசையிலேயே போனால் இன்னொரு நன்மையும் உண்டு: நடந்தது உலகத்தில் சட்டையில் விழும் கறை வரிசையாகக் கூடிக்கொண்டே போகும். ஒரே நிறத்தில் இரண்டு சட்டை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று எப்போதும் சுத்தம், இன்னொன்றில் புளி, மஞ்சள், சாம்பார்ப் பொடி என்று சேர்ந்துகொண்டே வரும். ஒவ்வொரு நடந்தது ஷாட் முடிந்ததும் ஆளையும் மேடையையும் ஒரு போட்டோ எடுத்து வைத்தால், கறை எங்கே இருந்தது என்று பிறகு தேட வேண்டியதில்லை.

வெளிச்சமும் ஒலியும்

"மாறுவது ஒன்றுதான் என்றால் வெளிச்சத்தை மாற்றலாமா?" என்ற கேள்வி வரும். மாற்றலாம். ஆனால் ஆறு ஜோடியிலும் ஒரே மாதிரி மாற்ற வேண்டும். நினைச்சது என்றால் எப்போதும் ஜன்னல் வெளிச்சம், மெல்லிய இசை, கொஞ்சம் மெதுவான அசைவு. நடந்தது என்றால் எப்போதும் தலைக்கு மேல் டியூப் லைட், இசையே இல்லை, அடுப்படியின் உண்மையான சத்தம். இரண்டாவது ஜோடிக்குள் பார்ப்பவருக்கு இந்த ஏற்பாடு பழகிவிடும். அப்புறம் அவர் கண் அந்த ஒரு மாற்றத்தை மட்டுமே தேடும்.

மெதுவான அசைவுக்கு நொடிக்கு 60 பிரேமில் எடுத்து, 30 பிரேமில் ஓட விட்டால் பாதி வேகம் கிடைக்கும். இதை ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் செய்யுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப் லைட் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கம் வீடியோவில் ஓடும் பட்டைகளாக வரும். டியூப் லைட்டில் எடுக்கும் ஷாட்டுகளை 30 பிரேமில் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று நிறுத்தினால் பட்டை வராது.

ஆவி தெரிய வேண்டும் என்பது இந்த வகை வீடியோவில் எல்லோருக்கும் ஆசை. வெளிச்சம் முன்னாலிருந்து விழுந்தால் ஆவி தெரியாது. ஜன்னல் பாத்திரத்துக்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ வர வேண்டும், பின்புறம் இருட்டாக இருக்க வேண்டும். ஒரு கருநீலத் துண்டைப் பின்னால் கட்டினாலே போதும்.

மற்ற ஐந்து ஜோடிகள்

நேரம். நினைச்சது: மேல் ஷாட், சின்ன வெங்காயம் நான்கைந்து உரிபடுகிறது, ஒரு கட், கிண்ணம் நிறையப் பளபளக்கும் வெங்காயம். நடந்தது: அதே கிண்ணம், அதே கை. தோல் நகத்தில் ஒட்டுகிறது, வெங்காயம் வழுக்கி ஓடுகிறது. ஒரு கட். கிண்ணத்தில் மூன்றே வெங்காயம். இந்த ஒரு ஜோடியில் மட்டும் நடந்தது ஷாட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தொடங்கி, கட்டுக்குப் பிறகு டியூப் லைட்டுக்கு மாற்றுங்கள். பொழுது சாய்ந்துவிட்டது என்பதைச் சொல்ல எழுத்து எதுவும் தேவைப்படாது. நினைச்சது ஷாட்டுக்கான வெங்காயத்தைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப் போட்டு உரித்தால் தோல் சுலபமாக வரும். நடந்தது ஷாட்டுக்கு ஊற வைக்காமல் கொடுத்தால் நடிக்கவே வேண்டாம்.

சுத்தம். இது குக்கர் ஜோடி, இதில் கவனம் வேண்டும். நினைச்சது: துடைத்து வைத்த அடுப்பில் குக்கர், ஒரு விசில், ஒரு கீற்று ஆவி. நடந்தது: அதே விசில், மூடியெல்லாம் மஞ்சள் பருப்புத் தண்ணீர் வழிந்து, அடுப்பு, சுவர், தேதி கிழிக்கும் காலண்டர் வரை புள்ளிகள். நிஜத்தில் இது நடப்பதற்குக் காரணம், பருப்பு பொங்கி நுரைக்கும் பொருள். தண்ணீரோடு சேர்த்துக் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது. அதற்கு மேல் போனால் நுரை ஆவிக்குழாய்க்குள் ஏறும். ஆனால் ஷாட்டுக்காகக் குக்கரை வேண்டுமென்றே நிரப்பிப் பொங்க வைக்காதீர்கள். பருப்பு குழாயை அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறும், அது விளையாட்டு இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். அடுப்பை அணைத்து, குக்கர் ஆறிய பிறகு, வெந்த பருப்பில் ஒரு கரண்டி எடுத்து நிறையத் தண்ணீரும் மஞ்சள்தூளும் கலந்து, மூடியில் வெயிட்டைச் சுற்றி ஊற்றி வழிய விடுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை அதில் முக்கி விரலால் தெறிக்கவிட்டால் சுவரில் அழகாகப் புள்ளி விழும். சுவரில் மஞ்சள் கறை நிற்கும் என்று பயமிருந்தால் ஒரு வெள்ளை சார்ட்டை ஒட்டிக்கொள்ளலாம். விசில் சத்தத்தை நினைச்சது ஷாட்டின்போது தனியாகப் பதிவு செய்து இங்கே சேர்த்துவிடலாம். ஆக, நீங்கள் படம் பிடிப்பது பொங்குவதை இல்லை, பொங்கி முடிந்த அந்த நொடியை. அவன் கையில் துணியோடு எங்கிருந்து துடைப்பது என்று தெரியாமல் நிற்கும் முகம்தான் அங்கே முக்கியம்.

தூரம். தாளிப்பு. நினைச்சது: பக்கவாட்டு ஷாட், இடப்பக்கம் கடாய், வலப்பக்கம் அவன். எண்ணெய் காய்ந்ததும் கடுகு போடுகிறான், பொரிகிறது, வெந்தயம், காய்ந்த மிளகாய், பெருங்காயம், கடைசியில் கறிவேப்பிலை. கறிவேப்பிலையைத் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுப் போடுங்கள், எண்ணெய் தெறிப்பது குறையும். நடந்தது: அதே ஷாட், கடாய் அதே இடத்தில். அவன் மட்டும் வலது ஓரத்தில், அடுப்படி வாசலில், முகத்துக்கு நேரே ஒரு தட்டைக் கேடயமாகப் பிடித்தபடி கையை நீட்டிக் கடுகை வீசுகிறான். மேடை முழுக்கக் கடுகு, கடாயில் மட்டும் இல்லை. இந்த ஷாட்டில் அடுப்பு அணைந்திருக்க வேண்டும். கடுகு பொரியும் சத்தத்தை எடிட்டிங்கில் சேருங்கள், அவன் அதைக் கேட்டுப் பின்வாங்குவதாக நடிக்கட்டும். சூடான எண்ணெயில் தண்ணீர் தெளித்துத் தெறிக்க வைக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தூர ஜோடிக்கு ஷாட் அகலமாக இருக்க வேண்டும். நினைச்சது எடுக்கும்போதே வலப்பக்கம் வாசல் தெரிகிற மாதிரி காலியிடம் விட்டு வையுங்கள். எல்லா ஜோடிக்கும் இது பொருந்தும்: கேமராவை எங்கே வைப்பது என்பதை நடந்தது ஷாட்தான் முடிவு செய்யும். அதை முதலில் ஒத்திகை பார்த்து, அதற்குப் போதுமான இடம் விட்டு, அப்புறம் நினைச்சதை எடுங்கள்.

பாத்திரம். ஆறில் எனக்கு மிகவும் பிடித்தது இது. நினைச்சது: அடுப்பில் சின்னப் பாத்திரத்தில் சாம்பார், ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்க்கிறான், தலையாட்டுகிறான். நடந்தது: அதே ஷாட், உள்ளங்கையில் ஒரு சொட்டு. உப்பு கூடிவிட்டது. தண்ணீர் ஊற்றுகிறான். கட். கொஞ்சம் பெரிய பாத்திரம். ருசி பார்க்கிறான், சப்பென்று இருக்கிறது, சாம்பார்ப் பொடி. கட். குண்டான். காரம் ஏறிவிட்டது, மறுபடி தண்ணீர், பருப்பு. கட். அண்டா. அவன் உள்ளங்கையில் அதே ஒரு சொட்டு.

நிஜ சமையலறையில் நடப்பதும் இதுதான். ஒரு தப்பைத் திருத்தும்போது அளவு மட்டும் கூடிக்கொண்டே போகும். நான்கு பாத்திரத்திலும் அவன் முகபாவம் முதல் முறை போலவே நம்பிக்கையோடு இருக்கட்டும், பாத்திரம் மட்டும் வளரட்டும். அண்டா நிறையச் சாம்பார் வைத்து வீணாக்க வேண்டாம். அண்டாவுக்குள் ஒரு குண்டானைக் கவிழ்த்து, அது மிதக்காமல் இருக்க மேலே அம்மிக் குழவி மாதிரி ஏதாவது கனமாக வைத்து, அதற்கு மேல் ஒரு அகலமான தட்டைப் போட்டு, மஞ்சளும் மிளகாய்த்தூளும் கலந்த தண்ணீரை மேலாக ஊற்றினால் நிறைந்த மாதிரி தெரியும். அடுப்பு எரிய வேண்டியதே இல்லை.

ஓட்டம். பரிமாறும் ஜோடி. நினைச்சது: வாழையிலை, நடுவில் சோறு, குழி, கெட்டியான சாம்பார் குழியில் நின்று மெல்ல வழிகிறது. நடந்தது: அதே இலை, அதே குழி, அதே கரண்டி. ஊற்றியதும் சாம்பார் குழியை உடைத்துக்கொண்டு இலை ஓரத்துக்கு ஓடுகிறது. அவன் கை பாய்ந்து சோற்றால் அணை கட்டுகிறது. ஒரு பக்கம் கட்டினால் மறுபக்கம் ஓடுகிறது. ரசத்தோடு இந்தப் போராட்டத்தை நடத்தாத தமிழர் இருக்க மாட்டார் என்பதால் இதற்கு விளக்கமே வேண்டாம். இலைக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் மடித்த துணியை வைத்துச் சாய்வு கொடுத்தால் ஓட்டம் எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கு முன்கூட்டித் தெரியும். துணியை நினைச்சது ஷாட்டிலும் அகற்றாதீர்கள், இலை இருக்கும் கோணம் மாறிவிடும்.

நினைச்சது ஷாட்டுகளுக்கு ஒரு நல்ல சாம்பார் நிஜமாகவே தேவை, அதைச் சமைக்கத் தெரிந்தவர் காலையிலேயே வைத்துவிடட்டும். அரை கப் துவரம்பருப்பு, சின்ன எலுமிச்சை அளவு புளி, பதினைந்து சின்ன வெங்காயம், இரண்டு தேக்கரண்டி சாம்பார்ப் பொடி போதும். படத்துக்காகக் கொஞ்சம் கெட்டியாக நிறுத்திக்கொள்ளுங்கள்.

வெட்டிச் சேர்ப்பது

ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு ஷாட்டும் ஒரே அசைவில் தொடங்க வேண்டும். கை ஷாட்டுக்குள் நுழையும் அந்த நொடியில் இரண்டையும் வெட்டினால், முதல் அரை நொடி ஒன்றுபோலவே இருக்கும், அதன் பிறகு பிரியும். பார்ப்பவர் "அதே ஷாட்தான்" என்று அடையாளம் கண்டுகொள்ள அந்த அரை நொடி வேண்டும். எடிட்டிங் செயலியில் இரண்டு ஷாட்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, மேலே உள்ளதைப் பாதி மங்கலாக்கிப் பாருங்கள். பாத்திர விளிம்பு இரண்டாகத் தெரிந்தால் நகர்ந்திருக்கிறது. கொஞ்சம் பெரிதாக்கி நகர்த்திச் சரிசெய்யலாம், ரொம்ப விலகியிருந்தால் மறுபடி எடுப்பதுதான் வழி.

நீளத்தைப் பொறுத்தவரை, முதல் ஜோடிக்கு 12 நொடி வரை கொடுங்கள், ஏற்பாடு பழக வேண்டும். நடுவில் உள்ளவை 7 அல்லது 8 நொடியில் முடியட்டும். பாத்திர ஜோடிக்கு மட்டும் மறுபடி நேரம் தாருங்கள், ஏனென்றால் அது ஒரு ஷாட்டுக்குள்ளேயே மூன்று முறை வளர்கிறது. மொத்தம் ஒரு நிமிடத்தை ஒட்டி வரும்.

"நினைச்சது", "நடந்தது" என்ற எழுத்தைத் திரையின் மேல்பகுதியில், எல்லா ஷாட்டிலும் ஒரே இடத்தில் வையுங்கள். கீழ்ப்பகுதியையும் வலது ஓரத்தையும் செயலியின் பொத்தான்களும் தலைப்பும் மூடிவிடும். இசை நினைச்சது முடியும் இடத்தில் மங்கி மறையாமல் சட்டென்று நிற்கட்டும், அந்த வெற்றிடத்தில் டியூப் லைட்டின் ரீங்காரமும் ஃபேன் சத்தமும் கேட்டால் போதும். இதற்காகவே நடந்தது ஷாட்டுகள் முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அடுப்படி ஒலியைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் சேர்த்த பிறகு, கதை தெரியாத ஒருவரிடம் ஒலியை அணைத்துவிட்டுக் காட்டுங்கள். ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் நிறுத்தி, என்ன மாறியது என்று கேளுங்கள். "புளி பெருசாயிடுச்சு", "தள்ளி நிக்கிறான்" என்று ஒரே மூச்சில் பதில் வந்தால் அந்த ஜோடி சரி. இரண்டு மூன்று விஷயங்களை அடுக்கினால் தேவையில்லாதது ஏதோ ஷாட்டுக்குள் வந்திருக்கிறது, பின்னணியில் நகர்ந்த டப்பாவாகவோ திறந்திருக்கும் அலமாரிக் கதவாகவோ இருக்கலாம். "என்ன ஆச்சு?" என்று திருப்பிக் கேட்டால், தாளை எடுத்து ஓரத்துச் சொல்லைப் பாருங்கள். அந்தச் சொல் ஷாட்டின் நடுவில் பெரிதாகத் தெரிகிற மாதிரி கேமராவை இன்னும் ஒரு அடி உள்ளே நகர்த்தி, இரண்டு பக்கத்தையும் மறுபடி எடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் எடுத்து ஒட்டினால் பொருந்தாது.